நுரையைப் பார்த்து வாங்காதீர்கள்

திருவொற்றியூர் தேரடியிலோ ராயபுரத்திலோ ஒரு மளிகைக் கடை முன் நின்று பாருங்கள். பத்து ரூபாய் கட்டி சோப்பு, எலுமிச்சம்பழப் படம் போட்ட லிக்விட் பாக்கெட், சபீனா பவுடர், பச்சை ஸ்க்ரப்பர், கம்பி நார் எல்லாம் கண்ணுக்கு நேராகவே தொங்கும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, எதுல நல்லா நொர வரும்?"

அந்தக் கேள்விதான் நம்மைத் தவறான பக்கம் இழுத்துப்போகிறது. நுரைக்கும் அழுக்குப் போவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பாத்திரம் கழுவும் மெஷினில் போடும் பவுடர் கிட்டத்தட்ட நுரைப்பதே இல்லை. ஆனாலும் பிரியாணி அண்டாவின் எண்ணெய்யை எடுத்துவிடுகிறது. கையால் தேய்க்கும் சோப்பில் நுரை பொங்குவதற்குக் காரணம், நுரை வந்தால்தான் நமக்கு நம்பிக்கை வருகிறது என்று தயாரிப்பவர்கள் தெரிந்துவைத்திருப்பது. அதற்கென்றே தனிப் பொருள் சேர்க்கிறார்கள்.

கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. நம் வீட்டுக் குழாயில் வருவது என்ன தண்ணீர்? பாத்திரத்தில் ஒட்டியிருப்பது என்ன கறை? தேய்க்கிற கை யாருடையது, ஒரு நாளில் எவ்வளவு நேரம் அது ஈரத்தில் இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் எந்த விளம்பரமும் நம்மை ஏமாற்ற முடியாது. வடசென்னையில் இந்த மூன்றுமே மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கடினமான கேள்விகள். அதனால்தான் இவ்வளவு விரிவாகப் பேசவேண்டியிருக்கிறது.

மணலியில் பிறக்கும் சரக்கு

கட்டி சோப்பின் உயிர்ப்பொருள் நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஸ்பிக் நிறுவனமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை மணலியில் இருக்கிறது. அங்கே தயாராகும் முக்கியப் பொருள் லீனியர் ஆல்கைல் பென்சீன். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'லேப்' என்பார்கள். மண்ணெண்ணெய்யிலிருந்து பிரித்தெடுத்த பாரஃபினையும் பென்சீனையும் இணைத்து இதைச் செய்கிறார்கள். இந்த லேபோடு கந்தகம் சார்ந்த வினை ஒன்றை நடத்தினால் பழுப்பு நிறத்தில் கெட்டியான அமிலம் ஒன்று கிடைக்கும். சோப்புத் தொழிலில் அதற்கு 'ஆசிட் ஸ்லரி' என்று பெயர். அதைச் சோடா உப்பு போட்டுச் சமப்படுத்தினால் பாத்திரச் சோப்பின் அழுக்கு நீக்கி தயார்.

இது செய்யும் வேலை எளிமையானது. இதன் ஒரு முனை எண்ணெய்யோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரோடு ஒட்டும். தேய்க்கும்போது எண்ணெய்ப் பிசுக்கு சின்னச் சின்னத் துளிகளாக உடைகிறது. ஒவ்வொரு துளியையும் இந்தப் பொருள் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது.

ஆனால் நாம் வாங்கும் கட்டியில் இந்தப் பொருள் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. சாதாரணமாக அது கால் பங்கைக்கூடத் தொடாது. மீதியில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கல் மாவு, டோலமைட், களிமண் போன்ற நிரப்புப் பொருட்கள்; கூடவே சோடா உப்பு. நிரப்புப் பொருள் என்றதும் ஏமாற்று என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மாவுதான் தேய்ப்பதற்கு உரசலைக் கொடுக்கிறது. நம் பாட்டிகள் சாம்பலும் செங்கல் பொடியும் போட்டு விளக்கியதும் இதே கணக்குதான்: சாம்பலில் இருக்கும் காரம் எண்ணெய்யை இளக்கும், மணல்போன்ற துகள் உரசும். ஆனால் அது விறகுச் சாம்பல். அனல்மின் நிலையத்துச் சாம்பல் வேறு சரக்கு. நிலக்கரியில் இருந்த கன உலோகங்கள் அதில் தங்கியிருக்கும். அதைப் பாத்திரத்தின் பக்கம் கொண்டுவரவே கூடாது.

லிக்விடில் மாவு இல்லை. பெரும்பாலான லிக்விடுகளில் ஆசிட் ஸ்லரியோடு எஸ்.எல்.ஈ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் இன்னொரு அழுக்கு நீக்கியும் இருக்கும். ஷாம்புவிலும் அதுதான் வேலை செய்கிறது. தோலுக்குச் சற்று மென்மையானது. இதுதான் கட்டிக்கும் லிக்விடுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. கட்டி காரத்தோடும் உரசலோடும் வேலை செய்கிறது. லிக்விட் அழுக்கு நீக்கியை மட்டும் நம்பி வேலை செய்கிறது. அடிப்பிடித்த பாத்திரத்தில் லிக்விட் திணறுவதும், கட்டி சோப்பில் கை காய்ந்துபோவதும் இதனால்தான்.

மஞ்சள் சொல்லும் உண்மை

எந்தச் சோப்பில் எவ்வளவு காரம் என்று பாக்கெட்டில் போட்டிருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, அஞ்சறைப் பெட்டி போதும்.

ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஒரு ஸ்பூன் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவிடுங்கள். முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு வையுங்கள். மஞ்சள் மஞ்சளாகவே இருக்கவேண்டும். அடுத்து கட்டி சோப்பை நனைத்து விரலால் தொட்டு இன்னோர் இடத்தில் வையுங்கள். உடனே செம்பழுப்பாக மாறும். சேலையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, அதே மாற்றம்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்திக்குச் சிவப்பு வருவதும் இதே காரணத்தால்தான். காரம் கூடினால் மஞ்சள் சிவக்கும். இப்போது லிக்விடைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு வையுங்கள். நல்ல லிக்விடாக இருந்தால் நிறம் மாறாது, மாறினாலும் லேசாகத்தான் இருக்கும்.

இந்தச் சோதனை எலுமிச்சைக் குழப்பத்தையும் தீர்த்துவைக்கும். எலுமிச்சம்பழப் படம் போட்ட கட்டி சோப்பும் மஞ்சளைச் சிவக்கவைக்கும். எலுமிச்சையின் புளிப்பு உண்மையாகவே அதில் மிஞ்சியிருந்தால் அது நடக்காது. படத்தில் இருக்கும் பழம் பெரும்பாலும் வாசனைக்கு மட்டும்தான்.

இதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. பழைய தண்ணீர் பாட்டிலில் நிரப்பி, சைக்கிளிலும் வண்டியிலும் தெருவில் விற்றுக்கொண்டு வரும் லூஸ் லிக்விடைப் பலர் வாங்குகிறோம். விலை பாதிதான். அது கெட்டதாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சரியாகக் கலந்திருந்தால் வேலை செய்யும். ஆனால் ஆசிட் ஸ்லரியைச் சமப்படுத்தக் காஸ்டிக் சோடா ஊற்றும்போது அளவு தப்பினால், மிஞ்சிய காஸ்டிக் அப்படியே பாட்டிலில் தங்கிவிடும். அந்த லிக்விட் மஞ்சளை நன்றாகச் சிவக்கவைக்கும். சிவந்தால் வாங்காதீர்கள். மாறாக அமிலம் மிஞ்சியிருந்தால் மஞ்சள் காட்டிக்கொடுக்காது. அதற்கு நீலச் சங்குப்பூ இருக்கிறது. பூவைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்த நீலத் தண்ணீரில் லிக்விடைச் சில சொட்டு விட்டால், அமிலம் மிஞ்சியிருக்கிற லிக்விடில் அது ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் திரும்பும்.

'கெட்டியாக இருக்கிறது, அதனால் நல்ல சரக்கு' என்று விற்பவர் சொல்வதையும் நம்பவேண்டாம். இந்த லிக்விடுகளில் சமையல் உப்பைக் கொஞ்சம் கரைத்தாலே கெட்டியாகிவிடும். கெட்டித்தன்மை உப்பால் வருவது. அழுக்கை எடுக்கும் வலு வேறு.

உப்புத் தண்ணீர் வீட்டில் எந்தச் சோப்பு

"மெட்ரோ தண்ணியில தேய்ச்சா பளிச்சுனு இருக்கு, போர் தண்ணியில தேய்ச்சா தட்டு வெளுத்துப் போயிடுது" என்ற புலம்பலை எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தெருக்களில் எங்கும் கேட்கலாம். சோப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறுபாடு தண்ணீரில் இருக்கிறது.

மீஞ்சூர் தொடங்கிக் கடலோரமாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறிவந்தது பல பத்தாண்டுக் கதை. கடல்நீரோடு வருவது சாப்பாட்டு உப்பு மட்டுமில்லை. கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே வருகின்றன. பாத்திரச் சோப்புக்கு எதிரி இந்த இரண்டும்தான். ஆசிட் ஸ்லரியில் செய்த அழுக்கு நீக்கியின் ஒரு பகுதியை இவை பிடித்துச் செயலிழக்க வைக்கின்றன, நுரை அடங்கிப்போகிறது. கட்டியில் இருக்கும் சோடா உப்போடு சேர்ந்து வெள்ளை மாவாகவும் படிகின்றன. கட்டியின் சொந்தச் சுண்ணாம்பு மாவும் அதோடு சேரும்போது, எவர்சில்வர் தட்டு காய்ந்ததும் திருநீறு பூசியதுபோல் ஆகிவிடுகிறது. இன்னும் சோப்புப் போட்டால் இன்னும் வெளுக்கும். நாம் பெரும்பாலும் செய்வது அதைத்தான்.

உங்கள் தண்ணீர் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. மூடியுள்ள சிறு பாட்டிலில் அரை டம்ளர் தண்ணீர் எடுத்து, சாதாரணக் குளியல் சோப்பை விரல் நகத்தால் சீவி நாலைந்து துணுக்கு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை எழும்பி ஒரு நிமிடம் நின்றால் மென்மையான தண்ணீர். நுரைக்காமல் திரிந்த பால்போல் மிதந்தால் கடினத் தண்ணீர். இதற்குத் துணி சோப்போ பாத்திரச் சோப்போ வேண்டாம். கொழுப்பிலிருந்து செய்யும் குளியல் சோப்புதான் கால்சியத்தை உடனே காட்டிக்கொடுக்கும். மெட்ரோ தண்ணீரிலும் இதையே செய்து பாருங்கள். கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுப்பதற்கென்று மீஞ்சூர் காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த ஆலை வடசென்னைக்காக அமைக்கப்பட்டது. கடல்நீரிலிருந்து உப்பை வடித்தெடுத்த தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மென்மையானது.

தண்ணீர் கடினமானது என்றால் லிக்விடுக்கு மாறுங்கள். எஸ்.எல்.ஈ.எஸ். கால்சியத்தை ஆசிட் ஸ்லரியைவிட நன்றாகத் தாங்கும். மாவும் இல்லை, வெள்ளைப் படிவும் குறையும். கட்டிதான் வாங்கமுடியும் என்றாலும் வழி இருக்கிறது: தேய்ப்பதும் முதல் கழுவலும் போர் தண்ணீரில் இருக்கட்டும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மெட்ரோ தண்ணீரைத் தனியாக வையுங்கள். ஏற்கெனவே படிந்த வெள்ளைக்கு மேலும் சோப்பு மருந்தில்லை. நீர்த்த புளிக்கரைசலையோ வினிகரையோ தடவிச் சில நிமிடம் விட்டுக் கழுவினால் கரைந்துவிடும். அது சுண்ணாம்பு, சுண்ணாம்புக்குப் புளிப்புதான் மாற்று.

மீன் வாடையும் கொழுப்பும்

காசிமேட்டில் மீன் வாங்கிச் சமைக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார்: "சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவியும் கவுச்சி போகல." போகாததற்குக் காரணம் சோப்புதான் என்றால் நம்புவது கடினம். மீன் வாடையைத் தருபவை அமைன் என்னும் காரத்தன்மை உள்ள பொருட்கள். முக்கியமானது டிரைமெத்தில் அமைன். புளிப்பு பட்டால் அது உப்பாக மாறி, ஆவியாகாமல் தண்ணீரில் கரைந்துபோகும். காரம் பட்டால் நேர்மாறு: கரைந்திருந்ததும் விடுபட்டு ஆவியாகி மூக்குக்கு வரும். காரமான கட்டி சோப்பைப் போட்டதும் வாடை கூடினாற்போல் தோன்றுவது பிரமையல்ல.

அதனால் வரிசையை மாற்றவேண்டும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள்; சுடுநீர் ஊற்றினால் மீனின் புரதம் வெந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையாலேயே பாத்திரத்தைத் தேய்த்து இரண்டு நிமிடம் விடுங்கள். கழுவிய பிறகுதான் சோப்பு. புளிச்சக்கையால் மீன்சட்டியைத் தேய்க்கும் பழக்கத்துக்குப் பின்னால் இருந்த வேதியியல் இதுதான். மீன் நறுக்கிய கைக்கும் இதே வரிசைதான். கையில் வெட்டு, கீறல் இருந்தால் மட்டும் புளிக்குப் பதில் புளித்த மோரோ, புளித்த அரிசி கழுவிய தண்ணீரோ போதும், எரிச்சல் குறையும்.

கொழுப்பிலும் மீனும் கறியும் ஒன்றல்ல. ஆட்டுக்கொழுப்பும் மாட்டுக்கொழுப்பும் அறைச்சூட்டில் உறைந்துவிடும். நாற்பது டிகிரிக்கு மேல் போனால்தான் முழுதாக இளகும். பச்சைத் தண்ணீரில் எவ்வளவு விலையுள்ள லிக்விட் போட்டாலும் அந்த வெள்ளைப் படிவு ஸ்க்ரப்பரிலேயே ஒட்டி மற்ற தட்டுகளுக்கும் பரவும். கை தாங்கும் சூட்டில் ஒரு சொம்பு வெந்நீர் ஊற்றினால் பாதி வேலை முடிந்தது. மத்தி, கானாங்கெளுத்தி எண்ணெய்க்கு வெந்நீர் தேவையில்லை, அது எப்போதும் திரவம்தான். ஆனால் அதற்கு வேறு குணம். காற்றுப் பட்டால் பிசினாக இறுகும். மீன் பொரித்த சட்டியின் விளிம்பில் மஞ்சளாகக் கையில் ஒட்டும் படலம் அதுதான். இரவில் போட்டுவிட்டுக் காலையில் தேய்த்தால் இரண்டு மடங்கு உழைப்பு. கறிக்கு வெந்நீர், மீனுக்கு அன்றைக்கே கழுவுவது என்று நினைவில் வைத்தால் போதும்.

அடிப்பிடித்துக் கருகியது எண்ணெய்யே அல்ல, கரி. அதை எந்த அழுக்கு நீக்கியும் கரைக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டுப் பாத்திரத்திலேயே பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டால் கரி விளிம்பிலிருந்து கழலும். எவர்சில்வருக்கு மட்டும்தான் இந்த வைத்தியம். அலுமினியப் பாத்திரத்தில் சலவைச் சோடாவைக் கொதிக்கவிட்டால் அது உலோகத்தையே அரித்துக் கறுக்கவைக்கும். அலுமினியத்துக்கு லிக்விடும் ஊறவைப்பதும்தான்.

மண்சட்டிக்குச் சோப்பும் வேண்டாம், சலவைச் சோடாவும் வேண்டாம். அது நுண்துளை நிறைந்தது. சோப்பு உள்ளே இறங்கி அடுத்த குழம்பில் வெளியே வரும். வெந்நீர், கடலை மாவு, தேங்காய் நார் போதும்.

பச்சை ஸ்க்ரப்பரும் தேங்காய் நாரும்

சோப்பைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள்கூட ஸ்க்ரப்பரைப் பற்றி யோசிப்பதில்லை. பாத்திரத்தின் ஆயுளையும் விரலின் நலத்தையும் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

பச்சை ஸ்க்ரப்பர் வெறும் நைலான் நார் அல்ல. நாரின்மேல் பிசினால் ஒட்டப்பட்ட அலுமினியம் ஆக்சைடு துகள்கள் இருக்கின்றன. உப்புத்தாளில் இருக்கும் அதே பொருள், எவர்சில்வரைவிடக் கடினமானது. கருகிய அடிக்கு அது சரி. தினமும் சாப்பிடும் தட்டுக்கும் டம்ளருக்கும் அதையே போட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அடுத்த நாள் பிசுக்கு அந்தக் கீறல்களில்தான் தங்கும். பழைய தட்டு எவ்வளவு தேய்த்தும் மங்கலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நான்ஸ்டிக்கில் போட்டால் பூச்சே உரிந்துவிடும். தோசைக்கல்லில் போட்டால் மாதக்கணக்கில் பழகிய எண்ணெய்ப் படலம் போய், அடுத்த தோசை ஒட்டும்.

கம்பி நாருக்கு இன்னொரு குறை உண்டு. சிலும்பு உதிரும். விரலில் குத்தும், சில நேரம் சோற்றிலும் கிடைக்கும். நம் உப்புக்காற்றில் மட்டமான கம்பி நார் ஒரு வாரத்தில் துருப்பிடித்துப் பாத்திரத்தில் பழுப்பு வட்டம் போடும். தினசரித் தட்டு, டம்ளர், குழம்புப் பாத்திரங்களுக்குத் தேங்காய் நாரோ முற்றிய பீர்க்கங்காய் நாரோ போதும். உலோகத்தைக் கீறாது, எண்ணெய்யைப் பிடிக்கும், கிழிந்தால் எறிந்துவிடலாம். பச்சை ஸ்க்ரப்பரையும் கம்பி நாரையும் கருகிய பாத்திரத்துக்கென்று தனியாக வையுங்கள். எந்த நாரானாலும் சோப்பு டப்பாவுக்குள் ஊறவிடாமல் பிழிந்து உலரத் தொங்கவிடவேண்டும். கட்டி சோப்பும் அப்படியே. தண்ணீர் நிற்கும் டப்பாவில் அது கூழாகி, பாதிச் சோப்பு சாக்கடைக்குப் போகிறது.

கை யாருடையது

நலமான தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத்தன்மை உள்ளது. அந்தப் புளிப்பும் தோலில் இருக்கும் கொழுப்பும் சேர்ந்துதான் ஈரத்தை உள்ளே தக்கவைக்கின்றன. பாத்திரத்தில் இருக்கும் எண்ணெய்யை எடுக்கும் பொருள், கையில் இருக்கும் எண்ணெய்யை மட்டும் விட்டுவைக்காது. காரம் அதை இன்னும் வேகமாக எடுக்கிறது. விரலிடுக்கில் செதில் உரிவது, முட்டிகளில் வெடிப்பு, நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் பிடிக்கும் நகச்சுற்று ஆகியவை இதன் அடுத்தடுத்த கட்டங்கள்.

ஜெர்மனியின் தொழில் பாதுகாப்பு விதி, ஒரு ஷிப்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே அதைத் தோலுக்கு ஆபத்தான வேலையாகக் கணக்கிடுகிறது. நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணின் கை அந்த அளவைக் காலையிலேயே தாண்டிவிடும். காசிமேட்டில் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் இறால் உரிக்கும் பெண்களுக்கு விரலில் ஏற்கெனவே நுண்ணிய கீறல்கள். வீட்டுக்கு வந்து அதே கையால் கட்டி சோப்பைப் பிடிக்கிறார்கள். இவர்களுக்கு லிக்விட் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

லிக்விடிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தண்ணீர் கலந்த பொருள் கெடாமல் இருக்கப் பாதுகாப்புப் பொருள் சேர்க்கவேண்டும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் அப்படிப்பட்ட பொருள் ஒன்றை அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. லிக்விடுக்கு மாறிய பிறகு வறட்சி குறைந்து, ஆனால் அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் மணிக்கட்டு வரை ஏறினால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். வேறு பிராண்டுக்கு மாறிப் பாருங்கள். அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

ஒர்க்ஷாப்பிலும் லாரி ஷெட்டிலும் வேலை பார்க்கிறவர்கள் கையில் ஏறிய கிரீஸைப் பாத்திரச் சோப்பும் மண்ணெண்ணெய்யும் போட்டுத் தேய்ப்பது இந்தப் பகுதியில் சாதாரணம். மண்ணெண்ணெய் தோலின் கொழுப்பை அடியோடு கரைத்துவிடும். அதற்குப் பதில் ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய்யைக் கையில் தேய்த்தால் கிரீஸ் அதில் இளகும். பழந்துணியால் துடைத்துவிட்டு லிக்விடில் கழுவினால் போதும்.

ஒரு ராத்திரிப் பாத்திரம்

இவ்வளவையும் ஒரே சிங்க்கில் வைத்துப் பார்ப்போம். திருவொற்றியூரில் போர் தண்ணீர் வரும் வீடு. மண்சட்டியில் மத்திக் குழம்பு, வாணலியில் வஞ்சிரம் பொரித்தது, அடிப்பிடித்த எவர்சில்வர் பால் பாத்திரம், ஐந்து தட்டு, டம்ளர்கள்.

முதலில் வாணலியின் மிச்ச எண்ணெய்யைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். பிசுக்கில் பாதி அதிலேயே போகும், குழாயும் அடைக்காது. மண்சட்டியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, வெந்நீரும் கடலை மாவும் போட்டு ஒதுக்கிவையுங்கள். பால் பாத்திரத்தைச் சலவைச் சோடாத் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றுங்கள். மீன் பட்ட தட்டுகளையும் வாணலியையும் பச்சைத் தண்ணீரில் அலசிப் புளிச்சக்கையால் ஒரு தேய்ப்பு. கழுவிய பிறகு கிண்ணத்தில் அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் லிக்விட் கலந்து, நாரை அதில் முக்கி, டம்ளரில் தொடங்கித் தட்டு, கடைசியில் வாணலி என்று போங்கள். எண்ணெய் குறைந்தது முதலில், கூடியது கடைசியில். கலவையில் எண்ணெய் மிதக்கத் தொடங்கினால் அதன் வலு தீர்ந்தது. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவேண்டும். நுரை குறைந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள், தேய்த்த இடத்தில் விரல் வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்காமல் கிறீச்சென்றால் பிசுக்கு போய்விட்டது. போர் தண்ணீரில் கழுவி, ஒரு முறை மெட்ரோ தண்ணீரில் அலசிக் கவிழ்த்துங்கள். இப்போது பால் பாத்திரம் ஆறியிருக்கும். அதற்கு மட்டும் பச்சை ஸ்க்ரப்பர், கொஞ்சம் கட்டி சோப்பு. மண்சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்.

வேலை முடிந்ததும் மோதிரத்தைக் கழற்றி அடியில் இருக்கும் ஈரத்தைத் துடையுங்கள். கையை உலர்த்தி, நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். ரப்பர் கையுறை போட முடிந்தால் நல்லது. நம் வெக்கையில் உள்ளே வேர்த்து ஊறுமென்பதால் இருபது நிமிடத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருக்கவேண்டாம்.

ஆக, வடசென்னை வீடு ஒன்றுக்கு வாங்கவேண்டியது மூன்று பொருள்: தினசரிக்கு மஞ்சளைச் சிவக்கவைக்காத ஒரு லிக்விட், கருகியதற்கு மட்டும் ஒரு கட்டி சோப்பு, தேய்க்கத் தேங்காய் நார். பச்சை ஸ்க்ரப்பர் ஓரமாக இருக்கட்டும். வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாத்திரச் சோப்பு வாங்கும் முன், அதைத் தேய்ப்பவரிடம் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெடிப்பு இருக்கிறது என்று சொன்னால், விலை சில ரூபாய் கூடினாலும் அவருக்கு லிக்விடே வாங்கிக் கொடுங்கள்.